முதல் சென்ட் கேட்டு அப்பா அம்மாவுக்குக் கடிதம்: வரைவு போட்டிருக்கேன், திருத்திக் கொடுங்க

#1 பிளஸ்ஒன்_திருச்சி

வீட்டில் நேரில் கேட்டால் பேச்சு வேறு எங்கேயோ போயிடும். அதனால எழுதிக் கொடுக்கலாம்னு இருக்கேன். வயசு 16. அப்பாவுக்கு வீசிங் உண்டு, இன்ஹேலர் வச்சிருக்கார். வரைவு இது:

"அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நான் இதுவரை பெரிதாக எதுவும் கேட்டதில்லை. என் வகுப்பில் எல்லோரும் சென்ட் வைத்திருக்கிறார்கள். நான் மட்டும்தான் வைத்திருக்கவில்லை. பஸ்ஸில் போய் வரும்போது வியர்வை நாற்றம் வருகிறது, கூச்சமாக இருக்கிறது. வாசனை இருந்தால் தன்னம்பிக்கை வரும். 100 மில்லி பாட்டில் ஒன்று 2,500 ரூபாய்க்கு ஆன்லைனில் இருக்கிறது. வாங்கித் தந்தால் நன்றாகப் படிப்பேன். அளவாகத்தான் போட்டுக்கொள்வேன் என்று உறுதி அளிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்"

எங்கே இடிக்குது?

#2 செந்தாழை

தமிழாசிரியர் கண்ணோடு படித்தேன். நடை சரி, வரிசைதான் சரியில்லை. "பெரிதாக எதுவும் கேட்டதில்லை" என்று தொடங்கினால், அடுத்து வருவது பெரிய செலவு என்று படிப்பவர் முதல் வரியிலேயே உஷாராகிவிடுவார். கேட்பதை முதல் பத்தியிலேயே கேட்டுவிடு: என்ன பொருள், எவ்வளவு, என்ன விலை.

"எல்லோரும் வைத்திருக்கிறார்கள்" என்பதை எடுத்துவிடு. அதற்கு எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான், உனக்கே தெரியும். "வாங்கித் தந்தால் நன்றாகப் படிப்பேன்" அதைவிட மோசம். அடுத்த தேர்வில் நாலு மார்க் குறைந்தால் பாட்டில் பீரோவுக்குள் போய்விடும். படிப்பையும் சென்டையும் நீயே முடிச்சுப் போடாதே.

கடைசியாக, "அளவாக" என்றால் எவ்வளவு? உறுதிமொழியில் ஒரு எண் இருக்க வேண்டும்.

#3 பாட்டில்மூடி

அந்த எண்ணை நான் தரேன். வாசனைத் திரவியம் கலக்குற இடத்துலதான் வேலை.

சாதாரண பாட்டில்ல ஒரு அமுக்குக்கு ஏறக்குறைய 0.1 மில்லி வரும். பம்பைப் பொறுத்துக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். அப்போ 10 மில்லி பாட்டில்ல நூறு அமுக்கு, 100 மில்லியில ஆயிரம்.

இப்போ உன் கடிதத்தைப் பாரு. அளவா போடுவேன்னு சொல்ற. வாரத்துக்கு ரெண்டு நாள், நாளுக்கு ஒரு அமுக்குன்னு வச்சுக்கோ. வருஷத்துக்கு 104 அமுக்கு, அதாவது பத்து மில்லிக்குச் சொச்சம். நீ கேக்குற 100 மில்லி தீர பத்து வருஷம் ஆகும். அதுக்குள்ள வாசனையே மாறிடும். வெயில் படாம வச்சாலும் திறந்த பாட்டில் மூணு நாலு வருஷத்துக்கு மேல அதே மாதிரி இருக்கும்னு நம்ப முடியாது. மேலே முதல்ல வர்ற எலுமிச்சை, ஆரஞ்சு வாசனைதான் முதல்ல கெடும், புளிச்ச மாதிரி ஆகும்.

கணக்கு போடத் தெரிஞ்ச அப்பாவா இருந்தா "அளவா போடுறவளுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய பாட்டில்"னு ஒரே கேள்வியில முடிச்சிடுவார். 10 மில்லி கேளு. விலையும் 500 ரூபாய்க்குள்ள வந்துடும். சின்ன பாட்டிலே உன் உறுதிமொழிக்குச் சாட்சி.

#4 அத்தர்பிரியன்

ஸ்ப்ரே எதுக்கு தங்கச்சி? அத்தர் ரோல்-ஆன் கேளு. கன்னோஜ் அத்தர் எல்லாம் பூவைச் செப்புப் பானையில வச்சுக் காய்ச்சி, ஆவியைச் சந்தன எண்ணெய்ல இறக்குறது. ஆல்கஹால் ஒரு சொட்டு கிடையாது. முழுக்க இயற்கை. அதனால அலர்ஜியும் வராது, அப்பாவுக்கு வீசிங்கும் வராது. கடிதத்துல அதை எழுது, உடனே சரின்னு சொல்லிடுவாங்க.

#5 பாட்டில்மூடி

ஆல்கஹால் இல்லைங்கறது சரி. காய்ச்சுற முறையும் சரி. மீதியை எழுதினா மாட்டிக்குவா.

இயற்கைன்னா அலர்ஜி வராதுன்னு கிடையாது. ரோஜா எண்ணெய்ல பெரும் பங்கு சிட்ரோனெல்லாலும் ஜெரானியாலும்தான். ரெண்டுமே சிலர் தோலுக்கு ஒத்துக்காதுன்னு ஐரோப்பாவில லேபிள்ல பேர் போட வைக்கிற பட்டியல்ல இருக்கு. கிராம்புல இருக்குற யூஜெனாலும் அதுலதான். பூவுல இருந்து வந்தாலும் ஃபேக்டரியில இருந்து வந்தாலும் தோலுக்கு அது ஒரே மூலக்கூறு.

ரெண்டாவது, சந்தன எண்ணெய் விக்கிற விலைக்கு, 150 ரூபாய் குப்பியில அது இருக்க வாய்ப்பில்லை. திரவ பாரஃபினோ டிபிஜிங்கற கரைப்பானோதான் இருக்கும், வாசனையும் பெரும்பாலும் செயற்கைதான். அதுல தப்பில்லை, ஆனா "முழுக்க இயற்கை"ன்னு கடிதத்துல எழுதக் கூடாது.

மூணாவது, வீசிங். மூச்சுக்குப் பிரச்சினை காத்துல கலக்குற வாசனைதான், அது எண்ணெயா ஆல்கஹாலா என்பது அப்புறம். ஆனா அண்ணன் சொன்னதுல ஒரு நல்ல விஷயம் இருக்கு: ரோல்-ஆன். உருட்டிப் பூசுனா காத்துல பனி மாதிரி பறக்காது. மூடின அறையில ஸ்ப்ரே அடிச்சா அந்தத் துளிகள் கொஞ்ச நேரம் மிதக்கும், அடுத்து அந்த அறைக்குள்ள வர்றவர்தான் இழுப்பார். அப்பா இன்ஹேலர் வச்சிருக்கற வீட்டுல ஸ்ப்ரேவை விட ரோல்-ஆன் கேக்குறது புத்திசாலித்தனம். அதுக்காக வீசிங் வராதுன்னு உத்தரவாதம் இல்லை. வாங்குறதுக்கு முன்னாடி அவர் பக்கத்துல வச்சுப் பாக்கணும்.

#6 அத்தர்பிரியன்

எங்க கடைத்தெருவுல தலைமுறை தலைமுறையா பூசுறாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகலை. சரி, ரோல்-ஆன்ல ஒத்துப் போறோம்ல, அது போதும்.

#7 ரெண்டுசக்கரம்

நல்ல இழை. என் பையனுக்கு 14 வயசு. விளையாடிட்டு வந்தா கிட்ட நிக்க முடியலை. அவனுக்கு எந்த சென்ட் வாங்கலாம்? நாள் பூரா நிக்கற மாதிரி ஸ்ட்ராங்கா வேணும்.

#8 வெள்ளைக்கோட்டு

ஐயா, கேள்வி வேற, ஆனா பதில் இந்தப் பொண்ணுக்கும் உதவும். உங்க பையனுக்குச் சென்ட் வேண்டாம்.

வியர்வை வரும்போது அதுக்குப் பெரிசா நாற்றம் கிடையாது. அக்குள்ல இருக்குற பாக்டீரியா அதை உடைக்கும்போதுதான் வாடை வருது. பருவ வயசுல அக்குள் சுரப்பிகள் வேலை செய்ய ஆரம்பிக்கும், அதனாலதான் போன வருஷம் வரைக்கும் இல்லாதது இப்போ வருது. அது மேல சென்ட் அடிச்சா ரெண்டும் சேர்ந்து மூணாவதா ஒண்ணு வரும். விளையாடி முடிச்சதும் அக்குள்ல சோப்பு போட்டுக் கழுவி, நல்லாத் துடைச்சு, துவைச்ச பனியன் போடச் சொல்லுங்க. அதுக்கும் அடங்கலைன்னா வியர்வையைக் குறைக்கிற ஆன்டிபெர்ஸ்பிரன்ட் ரோல்-ஆன். அதை ராத்திரி, காய்ஞ்ச தோல்ல போடணும். காலையில அவசரத்துல ஈர அக்குள்ல போட்டா பாதி வேஸ்ட், எரிச்சலும் வரும்.

கேள்வி கேட்ட பொண்ணுக்கு: உன் கடிதத்துல இருக்குற வியர்வைக் காரணத்தைத் தூக்கிடு. அது சோப்புக்கும் டியோவுக்குமான காரணம். உங்க அம்மா "அதுக்குக் குளிச்சாப் போதும்"னு சொல்வாங்க, அவங்க சொல்றது சரியாவும் இருக்கும்.

#9 பிளஸ்ஒன்_திருச்சி

எல்லோரும் வச்சிருக்காங்க போச்சு, படிப்பு போச்சு, வியர்வை போச்சு. அப்போ காரணம்னு என்னதான் எழுதறது?

#10 மூணாம்மாடி_அம்மா

உண்மையை எழுது. உனக்கு ஏன் வேணும்? வாசனை பிடிக்கும், அதானே? அதை எழுது. நானும் ஒரு அம்மாதான், எனக்கு அது போதுமான காரணம். தன்னம்பிக்கை அது இதுன்னு எழுதினா, பிள்ளைக்கு ஸ்கூல்ல யாரோ ஏதோ சொல்லிட்டாங்கன்னு பயந்து ராத்திரி தூக்கம் கெடும்.

ஆனா எனக்கு இருக்கற சந்தேகம் வேற. முதல் வாரம் ஒரு அமுக்கு. ரெண்டாவது வாரம் "வாசனையே வரலைம்மா"ன்னு மூணு. மாசக் கடைசியில லிஃப்ட்ல ஏறுனாலே எங்க வீட்டுப் பொண்ணு போயிருக்குன்னு தெரியும். இதை யார் பாத்துக்கறது?

#11 பாட்டில்மூடி

அம்மா சொல்றதுதான் நிறைய பேர்கிட்ட நடக்குது, பொண்ணு ஏமாத்துறதால இல்லை. ஒரே வாசனையில இருந்தா கொஞ்ச நேரத்துல மூக்கு அதைப் பதிவு பண்றதை நிறுத்திடும். போட்டவளுக்குத்தான் தெரியாது, பக்கத்து சீட்டுக்குத் தெரியும். சில கஸ்தூரி வகை, மர வகை மூலக்கூறுகள் சிலர் மூக்குக்கு ஆரம்பத்துலயே தெரியாது. அவங்க போட்டுக்கிட்டே போவாங்க.

அதனால உறுதிமொழியில முக்கியமான வரி இதுதான்: "எனக்கு வாசனை வராவிட்டாலும் மறுபடி போட மாட்டேன்." இது இருந்தா அம்மாவோட பாதி சந்தேகம் தீரும்.

அளவு சரியான்னு பாக்க சுலபமான வழி: போட்டு அரை மணி நேரம் கழிச்சு அம்மா கை நீட்டுற தூரத்துல நிக்கட்டும். அங்கே வாசனை வந்தா அளவு கூட. போட்ட உடனே பாக்கக் கூடாது. முதல் பத்துப் பதினைஞ்சு நிமிஷம் சட்டுனு ஆவியாகுற பாகம் தூக்கலாத்தான் இருக்கும், அதை வச்சு முடிவு பண்ணா எல்லாமே அதிகம்னுதான் தோணும்.

இன்னொண்ணு, பாட்டில் மேல நெட்டுக்குத்தா ஒரு காகித டேப் ஒட்டி நாலு சம பாகமாக் கோடு போடு. பத்து மில்லி ஒரு வருஷம்னா மூணு மாசத்துக்கு ஒரு கோடு. அம்மா கேக்கவே வேண்டாம், பீரோவைத் திறந்தா தெரியும். அடி தடிச்ச கண்ணாடி பாட்டில்னா உள்ளே திரவம் எங்கே முடியுதுன்னு பாத்து அங்கேருந்து கோடு போடணும், வெளி அடியிலேருந்து அளந்தா தப்பாகும்.

#12 மூணாம்மாடி_அம்மா

டேப் நல்லாருக்கு. இதை நாங்க கேட்டா போலீஸ்காரி ஆயிடுவோம், அவளே எழுதினா கணக்கு வேற.

#13 ரெண்டுசக்கரம்

மேடம் சொன்னது சரி. பையனுக்கு ஆன்டிபெர்ஸ்பிரன்ட் வாங்கியாச்சு, நன்றி. ஒரு டிப்ஸ் என் பங்குக்கு: ரெண்டு மணிக்கட்டுலயும் போட்டுத் தேய்ச்சு கழுத்துல ஒத்திக்கணும், அப்போதான் பிடிக்கும்.

#14 வெள்ளைக்கோட்டு

தேய்ச்சா பெரிய குற்றம் ஒண்ணுமில்லை, ஆனா பிடிக்கும்கறதும் இல்லை. சூட்டுல மேல் வாசனை சீக்கிரம் பறக்கும், அவ்வளவுதான்.

கழுத்தைப் பத்தித்தான் சொல்லணும். பிழிஞ்சு எடுக்குற பெர்கமாட், எலுமிச்சை எண்ணெய்ல இருக்கற சில பொருள்கள் மேல வெயில் பட்டா தோல்ல பழுப்புக் கறை விழும், சமயத்துல கொப்புளமும் வரும். சொட்டு வழிஞ்ச தடத்துலயே கறை நிக்கும். அந்தக் காலத்துக் கொலோன் போட்டவங்க கழுத்துல இது பிரசித்தம். வாசனைத் திரவியத் துறையோட உலக அமைப்பான இஃப்ரா வச்ச வரம்பை ஒட்டித் தயாரிக்கிற கம்பெனிகள் அந்தப் பொருளைக் குறைச்சிட்டாங்க. ரோட்டோரக் குப்பிக்கு அந்த வரம்பெல்லாம் எட்டாது. திருச்சி வெயிலுக்கு, துணி மூடுற இடத்துல போடுறது உத்தமம்.

புதுசா வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சோதனை: ரெண்டு மில்லி சாம்பிள் வாங்கி, முழங்கை மடிப்புல ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்துல, காலையும் மாலையும், ஏழு நாள். சிவப்பு, அரிப்பு, சொரசொரப்பு எது வந்தாலும் அந்த வாசனை உனக்கு இல்லை. ஒரே நாள் போட்டுப் பாத்து ஒண்ணும் ஆகலைங்கறது போதாது. தோல் அலர்ஜி ரெண்டு மூணு நாள் கழிச்சும் தலை காட்டும். அதே ஏழு நாள் அப்பாவையும் கவனி. இருமலோ நெஞ்சு இறுக்கமோ வந்தா அங்கேயே நிறுத்தணும், இன்னும் கொஞ்சம் பாக்கலாம்னு இழுக்கக் கூடாது. வீசிங் ஏற்கெனவே அதிகமா இருக்கற நாள்ல சோதனையை ஆரம்பிக்காதே.

#15 செந்தாழை

துணி மூடும் இடம் என்றால் துணிமேலேயே போட்டால் என்ன? தோல் தொல்லையே இல்லையே.

#16 பாட்டில்மூடி

துணியில தோலைவிட அதிக நேரம் நிக்கும். அதுதான் சிக்கல்: கழட்டிப் போட்ட சுடிதார் வீட்டுக்குள்ளேயே வாசனை விட்டுக்கிட்டு இருக்கும், அப்பாவும் அங்கேதான் இருப்பார். எண்ணெய் ரோல்-ஆன்னா வெளிர் துணியில மஞ்சக் கறை, பட்டுல வட்டம் விழும். ஸ்ப்ரேவை உள்பக்கத் தையல்ல போட்டா கறை தெரியாது. நான் தோல் கட்சி.

#17 வெள்ளைக்கோட்டு

நான் துணிக் கட்சி. சீக்கிரம் தடிக்கிற தோல் உள்ளவங்களுக்குப் பருத்தித் துணிதான் பாதுகாப்பு. துவைச்சா போயிடும்.

#18 அத்தர்பிரியன்

ஒரு துவைப்புல போகாது டாக்டரம்மா, நல்ல ஊத் அத்தர் எல்லாம் மூணு துவைப்பு தாங்கும்.

#19 மூணாம்மாடி_அம்மா

ஒரு விஷயம் யாரும் சொல்லலை. ஸ்ப்ரே முக்கால்வாசி ஆல்கஹால். விளக்கு எரியற சாமி அலமாரி, கேஸ் அடுப்பு, மெழுகுவத்தி பக்கத்துல அடிக்கக் கூடாது. தீபாவளி அன்னைக்குப் புதுத் துணியில அடிச்சுட்டு உடனே மத்தாப்பு கொளுத்தப் போறதும் அப்படித்தான், காயற வரைக்கும் நெருப்பு கிட்ட போகக் கூடாது. இதைக் கடிதத்துல ஒரு வரி எழுது. எந்த அம்மாவும் கவனிப்பாங்க.

வாங்கும்போது பாட்டில்லயோ அட்டைப்பெட்டியிலயோ தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி, எம்ஆர்பி எல்லாம் இருக்கான்னு பாரு. பெரிய பிராண்டோட "காப்பி"ன்னு 200 ரூபாய்க்குத் தர்றதுல இதெல்லாம் இருக்காது, இருந்தாலும் பேட்ச் எண் அட்டைப்பெட்டியில ஒண்ணு, பாட்டில்ல ஒண்ணா இருக்கும்.

#20 பிளஸ்ஒன்_திருச்சி

எல்லாத்தையும் வச்சு மறுபடி எழுதிட்டேன்:

"அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

எனக்கு ஒரு சென்ட் வாங்கித் தர முடியுமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். 8 அல்லது 10 மில்லி ரோல்-ஆன் போதும். விலை 500 ரூபாய்க்குள். பொங்கலுக்குப் பாட்டி கொடுத்ததில் 200 ரூபாய் என்னிடம் இருக்கிறது, அதையும் தருகிறேன்.

காரணம் ஒன்றுதான். எனக்கு வாசனைகள் பிடிக்கும். அம்மா கட்டும் மல்லிகையில் மருக்கொழுந்து சேர்ந்தால் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் எனக்கென்று ஒன்று வேண்டும் என்று ஆசை.

அப்பாவின் வீசிங்தான் எனக்கு முதல் கவலை. அதனால் ஸ்ப்ரே கேட்கவில்லை. முதலில் சாம்பிள் மட்டும் வாங்கலாம். ஏழு நாள் என் கையில் போட்டுப் பார்க்கிறேன். அந்த ஏழு நாளில் அப்பாவுக்கு இருமலோ இறுக்கமோ வந்தால் இந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுகிறேன்.

வாங்கித் தந்தால் இப்படிப் பயன்படுத்துவேன்:

வெளியே போகும் நாளில் மட்டும், வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் இல்லை. ஒரு கையில் ஒரே ஓர் உருட்டு. எனக்கு வாசனை வராவிட்டாலும் மறுபடி போட மாட்டேன். பள்ளிக்கும் தேர்வு அறைக்கும் போட்டுப் போக மாட்டேன், பையில் வைத்து எடுத்துப் போகவும் மாட்டேன். மொட்டை மாடியில்தான் போடுவேன், விளக்கு, அடுப்பு பக்கத்தில் இல்லை. பாட்டிலில் நான்கு கோடு போட்டு அம்மாவின் பீரோவில் வைக்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் ஒரு கோடு இறங்கினால், அடுத்த மூன்று மாதம் பாட்டில் அம்மாவிடமே இருக்கட்டும்.

வேண்டாம் என்று தோன்றினால் காரணத்தை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதித் தாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்"

#21 செந்தாழை

இது கடிதம். மருக்கொழுந்து வரியைத் தொடாதே. "பின்பக்கம் எழுதித் தாருங்கள்" என்பது மட்டும் அப்பாவுக்குப் பரீட்சை வைப்பதுபோல இருக்கிறது. "வேண்டாம் என்று தோன்றினால் காரணத்தைச் சொல்லுங்கள்" போதும்.

#22 மூணாம்மாடி_அம்மா

தண்டனை வரியில எனக்கு உடன்பாடு இல்லை. தானே தண்டனை எழுதிக்கற பிள்ளையைப் பாத்தா எனக்குச் சங்கடமா இருக்கும். கோடு சீக்கிரம் இறங்கினா "உங்களிடம் வந்து சொல்கிறேன்"னு எழுதினா போதும்.

#23 வெள்ளைக்கோட்டு

எனக்கு அது இருக்கட்டும்னுதான் படுது. விளைவு இல்லாத உறுதிமொழியை எந்த அப்பாவும் ரெண்டாவது தடவை படிக்க மாட்டார்.

#24 பிளஸ்ஒன்_திருச்சி

ரெண்டு பேர் சொல்றதும் சரியாப் படுது, ராத்திரி யோசிக்கிறேன். ஒரு சந்தேகம்: ரோல்-ஆன்னு மாத்திட்டேனே, அந்த நூறு அமுக்குக் கணக்கும் நாலு கோடும் அப்படியே பொருந்துமா?

#25 பாட்டில்மூடி

பொருந்தாது, நல்லவேளை கேட்ட. உருட்டுல ஒரு தடவைக்கு எவ்வளவு வரும்கறது பாட்டில் வாயில உருளுற குண்டு எவ்வளவு இறுக்கமா இருக்கு, எவ்வளவு நீளம் இழுக்கறங்கறதைப் பொறுத்தது. எண்ணெய் கெட்டியா இருந்தா இன்னும் குறையும். ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரே இழுப்புன்னு வச்சுக்கிட்டா ஸ்ப்ரேவைவிடக் குறைவாத்தான் செலவாகும், எட்டு மில்லியே வருஷத்தைத் தாண்டும். அதனால கடிதத்துல மூணு மாசம்னு இப்போ எழுதாதே. "முதல் மாதம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து, அம்மாவே கோடு போடட்டும்"னு மாத்து. குண்டைச் சுத்தி எண்ணெய் கசிஞ்சா அளவு தப்பும், டேப்பும் ஊறிக் கழண்டுடும். படுக்க வைக்காம நிமிர்த்தி வை.